விலை சரிந்தால், விற்பனை குறைந்தால்: நிகர தற்போதைய மதிப்பைச் சோதிக்க எந்த முறை?

கணக்குப் போட்டாயிற்று, திட்டத்தின் நிகர தற்போதைய மதிப்பு, சுருக்கமாக என்பிவி, பூஜ்யத்துக்கு மேல் வந்துவிட்டது. உடனே மேலிடத்திலிருந்து அடுத்த கேள்வி வரும்: "விற்பனை அளவும் விலையும் நாம் நினைத்தபடி இல்லாவிட்டால்?" இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதுமா, இரண்டையும் சேர்த்து அட்டவணை போட வேண்டுமா, சூழல்களாக எழுதிக் காட்டுவதா, அல்லது மான்டே கார்லோவுக்கே போய்விடலாமா? வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. நான்கையும் ஒரே திட்டத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், அந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது. "எவ்வளவு சறுக்கல் தாங்கும்", "எந்தச் சேர்க்கையில் நட்டம் வரும்", "நட்டம் வர எவ்வளவு வாய்ப்பு" என்ற மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

இரண்டாவது, விலையும் அளவும் சேர்ந்து அசைவதை அந்த முறை பார்க்கிறதா என்பது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். மூன்றாவது, அது கேட்கும் தகவல் உங்களிடம் உண்டா என்பது. நான்காவது, முடிவெடுப்பவர் முன்னால் வைத்து அதை விளக்க முடியுமா என்பது.

## எடுத்துக்கொண்ட திட்டம்

முதலீடு 10 லட்சம். ஆயுள் 5 ஆண்டு. விற்பனை விலை 100, ஒரு அலகுக்கு மாறும் செலவு 60, ஆண்டுக்கு 10,000 அலகு விற்பனை, ஆண்டு நிலைச் செலவு 1 லட்சம். தள்ளுபடி வீதம் 10%. வரி, இறுதி மதிப்பு இரண்டையும் விட்டுவிட்டேன். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

எக்செலில் ஒரே வரி:

```
=-PV(10%,5,(100-60)*10000-100000)-1000000
```

விடை 1,37,236. ஆண்டுக்கு ஒரு ரூபாயோ டாலரோ 5 ஆண்டுகள் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 3.7908. இந்த எண் கீழே திரும்பத் திரும்ப வரும்.

## முறை 1: ஒவ்வொன்றாக அசைப்பது

மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் எவ்வளவு குறைத்தால் என்பிவி பூஜ்யமாகும் என்று பார்ப்பது. சூத்திரம் எளிது. அந்த மாறி தொடும் பணத்தின் தற்போதைய மதிப்பால் என்பிவியை வகுத்தால் சதவீதம் கிடைக்கும்.

விலை தொடுவது முழு விற்பனை வருவாயை. ஆண்டுக்கு 10 லட்சம் என்றால் தற்போதைய மதிப்பு 37,90,787. ஆக 1,37,236-ஐ அதால் வகுத்தால் 3.62%. விலை 96.38-க்குக் கீழே போனால் திட்டம் நட்டம்.

அளவு தொடுவது பங்களிப்பை மட்டும், அதாவது விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவதை. விற்காத பொருளுக்கு மாறும் செலவும் இல்லை அல்லவா. ஆண்டுக்கு 4 லட்சம், தற்போதைய மதிப்பு 15,16,315. வகுத்தால் 9.05%. அதாவது விற்பனை சுமார் 9,095 அலகு வரை குறையலாம்.

"ஆகவே இந்தத் திட்டம் அளவைவிட விலைக்கே அதிகம் அசைகிறது" என்று அறிக்கையில் எழுதுவார்கள். எழுதலாம், ஆனால் அது கண்டுபிடிப்பு இல்லை. 9.05-ஐ 0.40 ஆல் பெருக்குங்கள், 3.62 வரும். அந்த 0.40, விலையில் பங்களிப்பின் பங்கு. மாறும் செலவு என்று ஒன்று இருக்கும் எந்தத் திட்டத்திலும் விலையின் தாங்கும் எல்லை அளவின் எல்லையைவிடச் சிறியதாகத்தான் வரும். அது கணக்கின் அமைப்பு, சந்தையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இந்த முறையின் மறைந்த செலவு இங்கேதான். எல்லாவற்றையும் ±10% என்று ஒரே அளவில் அசைத்துப் படம் போட்டால் விலைப் பட்டைதான் எப்போதும் நீளமாக நிற்கும். ஆனால் விலை ஒப்பந்தத்தில் கட்டுண்டு 2% கூட அசைய முடியாததாக இருக்கலாம், விற்பனையோ 30% வரை ஆடக்கூடியதாக இருக்கலாம். அப்படியிருந்தால் கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றி. அதனால் ஒரே சதவீதத்தை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு ஆடும் என்று கேட்டு, அந்த எல்லையில் அசையுங்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. விலை 3% மட்டும் குறைந்தால் என்பிவி சுமார் 23,500. தப்பித்தோம். அளவு 5% மட்டும் குறைந்தால் 61,400. அதிலும் தப்பித்தோம். இரண்டும் சேர்ந்து நடந்தால் 46,600 நட்டம். 3.62%, 9.05% என்ற இரண்டு எல்லைகளையும் தனித்தனியே படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இரண்டுக்குள்ளும் நாம் பத்திரமாக இருப்பதாகத்தான் நினைப்பார்.

எப்போது நல்லது: திட்டத்தை முதன்முதலாக வடிகட்டும்போது, அல்லது இரண்டில் ஒன்று நிஜமாகவே நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும்போது.

## முறை 2: இரண்டையும் குறுக்கே வைக்கும் அட்டவணை

விலை ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் அந்தச் சேர்க்கையின் என்பிவி. கீழே உள்ளவை ஆயிரங்களில்.

| விலை \ அளவு | 8,000 | 9,000 | 10,000 | 11,000 | 12,000 |
|---|---|---|---|---|---|
| 90 | −469 | −356 | −242 | −128 | −14 |
| 95 | −318 | −185 | −52 | 80 | 213 |
| 100 | −166 | −14 | 137 | 289 | 440 |
| 105 | −14 | 156 | 327 | 497 | 668 |
| 110 | 137 | 327 | 516 | 706 | 895 |

−14 என்ற எண் மூன்று இடத்தில் வருவதைக் கவனியுங்கள். 90-க்கு 12,000, 100-க்கு 9,000, 105-க்கு 8,000. மூன்றிலும் ஆண்டுப் பங்களிப்பு 3,60,000 தான். என்பிவி பூஜ்யமாக ஆண்டுக்கு 3,63,797 பங்களிப்பு வேண்டும். அந்த எண்ணை எந்த விலைக்குரிய பங்களிப்பாலும் வகுத்தால் அந்த விலைக்கு வேண்டிய குறைந்தபட்ச விற்பனை கிடைத்துவிடும். 95-க்கு 10,394, 105-க்கு 8,084. இந்தப் புள்ளிகளை இணைத்தால் வளைகோடு வரும், நேர்கோடு வராது. அதனால்தான் ஒரு விலையில் கண்ட எல்லையை வேறொரு விலைக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது.

"விலையை 10% குறைத்து 10% அதிகம் விற்றால் சரியாகிவிடும்" என்று கூட்டத்தில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அட்டவணையைக் காட்டினால் போதும். 90-க்கு 11,000 என்றால் 1.28 லட்சம் நட்டம்.

எக்செலில் இது `Data Table`. `What-If Analysis` பட்டியலில் இருக்கிறது. இதில் சறுக்கும் இடங்கள் சில. அட்டவணை மாற்றப்போகும் உள்ளீட்டுக் கட்டங்கள் அட்டவணை இருக்கும் அதே தாளிலேயே இருக்க வேண்டும். `Row input cell`, `Column input cell` இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் விலை இடத்தில் 10,000 போய் உட்காரும். கோப்பு பெரிதாக இருக்கிறதென்று கணக்கிடும் முறையை `Automatic Except for Data Tables` என்று வைத்திருந்தால், தள்ளுபடி வீதத்தை மாற்றிய பிறகும் அட்டவணை பழைய எண்களையே காட்டிக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் ஒரே பரிசோதனைதான்: 100, 10,000 சந்திக்கும் கட்டம் மூலக் கணக்கின் 137-உடன் ஒத்துப்போகிறதா? அடிப்படை உள்ளீடு ஒன்றை மாற்றியதும் அந்தக் கட்டமும் கூடவே நகர்கிறதா?

மறைந்த செலவு வேறு. 25 கட்டங்களில் 11 நட்டம். உடனே "நட்டத்துக்கு 44% வாய்ப்பு" என்று யாராவது சொல்வார்கள். அது தவறு, கட்டங்கள் சம வாய்ப்புள்ளவை அல்ல. அட்டவணையின் எல்லையை நீங்கள் நீட்டினால் அந்தச் சதவீதமும் மாறிவிடும். 110-க்கு 12,000 என்ற கட்டம் கணக்கில் இருக்கிறது, சந்தையில் இருக்குமா என்பது வேறு கேள்வி.

வலப்பக்க எண்களை நம்புமுன் கொள்திறனையும் பாருங்கள். இயந்திரம் 10,500 அலகுக்கு மேல் செய்யாது என்றால் கடைசி இரண்டு நெடுவரிசைகளும் வெறும் அலங்காரம். இன்னொரு ஷிப்டுக்கு ஆள் சேர்த்து, இடம் பிடித்து செய்யலாம் என்றால் நிலைச் செலவு படியேறும், அதை இந்த அட்டவணை தானாகச் சேர்க்காது. விற்பனை கூடும்போது கையிருப்பிலும் கடன் பாக்கியிலும் மாட்டும் நடைமுறை மூலதனமும் அப்படித்தான்.

எப்போது நல்லது: விலையும் அளவும் இரண்டுமே நிச்சயமில்லாதபோது, முடிவெடுப்பவர்கள் தாங்களே சேர்க்கைகளைத் தேடிப் பார்க்க விரும்பும்போது.

## முறை 3: காரணத்தோடு கட்டிய சூழல்கள்

என் பார்வையில் பெரும்பாலான திட்டங்களுக்கு வேலைக்கு ஆவது இதுதான். கேட்க வேண்டிய கேள்வி: விலை ஏன் மாறுகிறது? அதற்கு இரண்டு விடை உண்டு. அவை அட்டவணையில் எதிரெதிர்த் திசையில் போகும்.

விலையை நாமே மாற்றினால் அளவு எதிர்த் திசையில் போகும். குறைத்தால் அதிகம் விற்கும், கூட்டினால் குறையும். சந்தை மாற்றினால் இரண்டும் ஒரே திசையில் போகும். புதிய போட்டியாளர் வந்தாலோ தேவை சுருங்கினாலோ நம் விலையும் இறங்கும், அளவும் இறங்கும். முதல் வகையில் ஒன்றின் அடியை மற்றொன்று கொஞ்சம் தாங்குகிறது. இரண்டாம் வகையில் அடி இரட்டிப்பாக விழுகிறது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். விலையை 95 ஆக்கினால், பழைய 137 ஆயிரத்தையே காப்பாற்ற எத்தனை அலகு விற்க வேண்டும்? 4,00,000-ஐ 35 ஆல் வகுத்தால் 11,429. 5% விலைக் குறைப்புக்கு 14.3% கூடுதல் விற்பனை. அதாவது ஒவ்வொரு 1% குறைப்புக்கும் சுமார் 2.9% விற்பனை கூட வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் அந்த அளவுக்கு விலை பார்ப்பவர்களா?

ஒவ்வொரு 1% விலை மாற்றத்துக்கும் அளவு 1.5% எதிர்த் திசையில் மாறும் என்று வைத்துக்கொண்டால் 95-இல் என்பிவி 47 ஆயிரம், 105-இல் 199 ஆயிரம். அப்படியென்றால் விலையைக் கூட்டிப் பார்ப்பதுதான் லாபம். அதுவே 3% மாறும் என்றால் 95-இல் 147 ஆயிரம், 105-இல் 71 ஆயிரம். இப்போது முடிவு தலைகீழ். ஒரே திட்டம், ஒரே செலவு. மாறியது நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் அளவு எவ்வளவு மாறும் என்ற ஊகம் ஒன்றுதான். முறை 1-இல் இந்த எண்ணுக்கு இடமே கிடையாது.

இரண்டாம் வகை. மூன்றாம் ஆண்டில் போட்டியாளர் நுழைகிறார், விலை 95, அளவு 9,000 ஆகிறது என்று வையுங்கள். முதல் இரண்டு ஆண்டு பணவரவு தலா 3 லட்சம், பிறகு மூன்று ஆண்டு தலா 2.15 லட்சம். என்பிவி சுமார் 37 ஆயிரம் நட்டம். முறை 2-இன் அட்டவணையில் 95, 9,000 கட்டத்தைப் பார்த்தால் 185 ஆயிரம் நட்டம் என்று இருக்கிறது. காரணம், அட்டவணை அந்த வீழ்ச்சி முதல் நாளிலிருந்தே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எப்போது நடக்கும் என்பதைக் கணக்கில் கொண்டுவர முடிவது சூழல் முறையின் பெரிய வசதி.

மறைந்த செலவு: சூழலை எழுதுபவரின் விருப்பம் உள்ளே நுழைந்துவிடும். திட்டம் வேண்டும் என்று நினைப்பவர் எழுதும் "மோசமான சூழல்" பெரும்பாலும் மிதமானதாகவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மோசமான சூழலிலும் என்பிவி பூஜ்யத்துக்குச் சற்றே மேல் நின்றால், எண்கள் பின்னாலிருந்து கட்டப்பட்டனவா என்று கேளுங்கள். அப்புறம், "நல்லது, நடுத்தரம், மோசம்" என்று மூன்றை வைத்து ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு போட்டுச் சராசரி எடுப்பதையும் விட்டுவிடலாம். அந்தப் பங்குக்கு எந்த ஆதாரமும் இல்லை.

எப்போது நல்லது: விலை முடிவே கேள்வியாக இருக்கும்போது, அல்லது பெயர் சொல்லிக் குறிப்பிடக்கூடிய ஆபத்து எதிரே இருக்கும்போது.

## முறை 4: மான்டே கார்லோ

விலைக்கும் அளவுக்கும் எந்த எண் எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற ஒரு பரவலைக் கொடுத்து, ஆயிரக்கணக்கான தடவை தற்செயலாக எடுத்து, நட்டம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவது. "வாய்ப்பு எவ்வளவு" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இது ஒன்றுதான்.

நம் திட்டத்தில் விலையின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து அது வழக்கமாக விலகும் அளவு, 5%, அளவின் திட்ட விலக்கம் 8%, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வைத்தால் நட்ட வாய்ப்பு சுமார் 28% வரும். சந்தை அதிர்ச்சி போல இரண்டும் ஒரே திசையில் 0.6 ஒட்டுறவோடு அசைந்தால் சுமார் 31%. எதிர்த் திசையில் என்றால் சுமார் 20%. ஆக, ஒட்டுறவின் குறியை நீங்கள் எப்படிப் போடுகிறீர்களோ அப்படி வருகிறது விடை. முறை 3-இல் கேட்ட அதே "ஏன்" இங்கேயும் வந்து நிற்கிறது. மென்பொருள் அதற்குப் பதில் சொல்லாது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதே இல்லை. மேலே சொன்ன 28%, எடுத்த விலையும் அளவும் ஐந்து ஆண்டும் அப்படியே நீடிக்கும் என்ற ஊகத்தில் வந்தது. ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாகப் புதிதாக எடுக்கும்படி தாளை அமைத்தால், ஒரு ஆண்டின் சரிவை இன்னொரு ஆண்டின் ஏற்றம் ஈடுகட்டிவிடும். நட்ட வாய்ப்பு 28-இலிருந்து சுமார் 9% ஆக விழும். பரவலில் ஒன்றையும் தொடவில்லை, `RAND()` எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறியது. உண்மையில் இந்த ஆண்டு விலை சரிந்தால் அடுத்த ஆண்டும் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும், ஆகவே 9% என்பது பொய்யான நிம்மதி. மான்டே கார்லோ அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆண்டுகளுக்கிடையே தொடர்பு எப்படி வைத்தீர்கள்?

தள்ளுபடி வீதத்திலும் கவனம் வேண்டும். 10%-இல் ஏற்கெனவே ஆபத்துக்கான கூடுதல் சேர்ந்திருக்கிறது. அதே வீதத்தில் பரவலையும் போட்டு, அந்தப் பரவலைக் காட்டி மறுபடியும் ஆபத்துக்காகக் கழித்தால் ஒரே ஆபத்தை இரண்டு தடவை எண்ணுகிறோம்.

எப்போது நல்லது: விலை, அளவு பற்றிய பழைய தகவல் நிறைய இருக்கும்போது, நிச்சயமில்லாத மாறிகள் இரண்டோடு நிற்காதபோது.

## ஒரு பார்வையில்

| | ஒவ்வொன்றாக | இருவழி அட்டவணை | சூழல்கள் | மான்டே கார்லோ |
|---|---|---|---|---|
| பதில் சொல்லும் கேள்வி | எவ்வளவு தாங்கும் | எந்தச் சேர்க்கையில் நட்டம் | இது நடந்தால் என்ன | எவ்வளவு வாய்ப்பு |
| விலை, அளவு தொடர்பு | பார்க்காது | எல்லாச் சேர்க்கையும் உண்டு, எது நடக்கும் என்று தெரியாது | காரணத்தோடு வரும் | ஒட்டுறவு கொடுத்தால் மட்டும் |
| காலம் | பொதுவாக இல்லை | இல்லை | உண்டு | அமைப்பதைப் பொறுத்து |
| கேட்கும் தகவல் | மிகக் குறைவு | குறைவு | சந்தை அறிவு | பரவல், ஒட்டுறவு |
| ஏமாறும் இடம் | ஒரே சதவீதம் எல்லாவற்றுக்கும் | கட்டங்களை எண்ணுவது | மிதமான "மோசம்" | ஆண்டுகளைத் தனித்தனியாக எடுப்பது |

## இந்தத் திட்டத்துக்கு எது

சரி, நம் திட்டத்துக்கு வருவோம். இரண்டே மாறி, பழைய தகவல் இல்லை. மான்டே கார்லோவுக்கு இங்கே வேலையில்லை, நாமே கற்பனை செய்த பரவலைத்தான் அது தசமப் புள்ளியோடு திருப்பித் தரும். முறை 1-ஐ ஓட்டி 3.62, 9.05 என்ற இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்வேன். பிறகு அட்டவணையைப் போட்டு, அதன் மேல் இரண்டு பாதைகளை மட்டும் அடையாளமிடுவேன்: நாமே விலையை மாற்றும் பாதை, சந்தை இரண்டையும் இறக்கும் பாதை. மற்ற கட்டங்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

அந்த இரண்டாவது பாதைதான் இங்கே கொல்லக்கூடியது. அதற்கு ஒரு மாற்று, பெரிய வாங்குபவரோடு 98 விலையில் 5 ஆண்டு ஒப்பந்தம் போடுவது. 10,000 அலகு விற்றால் என்பிவி 61 ஆயிரமாகக் குறையும். விலை ஆபத்து போய்விட்டது என்று தோன்றும், ஆனால் அளவு தாங்கும் எல்லை 9.05%-இலிருந்து 4.26% ஆகச் சுருங்கிவிடுகிறது, விற்பனை 9,574-க்குக் கீழே போனாலே நட்டம். ஆகவே விலையை மட்டும் பூட்டும் ஒப்பந்தம் இந்தத் திட்டத்துக்கு உதவாது. ஆண்டுக்குக் குறைந்தது 9,600 அலகாவது எடுப்போம் என்ற நிபந்தனையும் அதில் இருந்தால்தான் 2 ரூபாயோ டாலரோ விட்டுக்கொடுக்கலாம்.